கடல் தாண்டிய நார்த்தங்காய்

கீரமங்கலம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போக எட்டு மணி நேரமாகும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் நான்கு மணி நேரத்தில் போய்விடும். அப்படிப் பார்த்தால் சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனைவிட நான்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆனால் அவன் மாரியம்மன் திருவிழாவுக்கு வருவான், பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு வருவான், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுவான். நான் 2012 ஏப்ரலில் போனவன், ரெண்டு வருஷ பெர்மிட் முடியாமல் திரும்பிப் பார்க்க முடியாது என்று தெரிந்தே போனேன். முதல் வருஷத்து ஏக்கத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கடல் ஞாபகம் வருவதில்லை. நாலைந்து சாமான்கள்தான் ஞாபகம் வருகின்றன.

அதில் முதலாவது ஒரு ஜெராக்ஸ் தாள். கூட்டுறவு சங்கத்து நகைக்கடன் சீட்டின் நகல். அசல் அப்பாவிடம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நகலை நான்தான் கேட்டு வாங்கிப் பர்சில் வைத்துக்கொண்டேன். அதில் “கொடி 1” என்று ஒரு வரி இருக்கும். ஏழு பவுன். அம்மாவின் தாலிக்கொடி. தாலியை மட்டும் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியைச் சுருட்டி அப்பா கையில் கொடுத்தார் அம்மா. “கயிறுதான்டா தம்பி நல்லது, கழுத்துக்குக் கனமில்ல” என்றார்.

அந்தக் கொடிக்கு ஒரு லட்சம் கிடைத்தது. மீதி இரண்டு லட்சத்து இருபதாயிரம் ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கியது. இந்த மூன்று லட்சத்து இருபதாயிரமும் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போக முதலில் ஸ்கில் டெஸ்ட் தேற வேண்டும். அதற்கு ஊரிலேயே இன்ஸ்டிட்யூட்கள் இருக்கின்றன. கம்பி கட்டுதல், டைல்ஸ், வயரிங், பைப் என்று ஏதாவது ஒன்றைப் பழகிப் பரீட்சை எழுத வேண்டும். நான் கம்பி கட்டுதல் எடுத்தேன். தங்கிப் பழகுவதற்கும் பரீட்சைக்கும் ஒரு பணம். தேறிய பிறகு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு இன்னொரு பணம். முன்னதைவிட இதுதான் பெரிது. டிக்கெட், மெடிக்கல் எல்லாம் இதில் அடக்கம் என்று சொல்வார்கள். ரசீது தர மாட்டார்கள்.

நாள் சம்பளம் 18 டாலர். மாதத்துக்கு 26 நாள் என்றால் 468. தினமும் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓவர்டைம் கிடைத்தால் 700 டாலர் பக்கம் வரும். அதில் கேட்டரிங் சாப்பாட்டுக்கு 130, சோப்பு, போன், முடிவெட்டு என்று கொஞ்சம். எல்லாம் போக 500 டாலர் அனுப்பலாம். அந்த வருஷம் ஒரு டாலர் 43 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21,500 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் ரெண்டு வட்டிக் கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 4,400. வீட்டுச் செலவு ஒரு 5,000. பாக்கி 12,000தான் அசலில் கழியும். விமானத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, முதல் வருஷம் முழுக்க ஓவர்டைம் ஒருநாளும் நிற்காமல் கிடைத்தால்தான் கடன் பாதிக்குப் பக்கமாவது இறங்கும் என்று புரிந்தது. அந்தத் தாளை அதற்குப் பிறகு அடிக்கடி விரித்துப் பார்ப்பேன். மடிப்பில் கிழிந்து, எழுத்து மங்கி, “கொடி” என்ற இடம் மட்டும் என் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது.

இரண்டாவது, அம்மாவின் சின்னாளப்பட்டிப் புடவை. போர்த்திக்கொள்ளத்தான் கொடுத்தார். துவாஸில் இருந்த எங்கள் தங்குவிடுதியில் ஓர் அறைக்குப் பதினான்கு பேர். இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள். ஆளுக்கு ஒரு அலமாரி. தலைக்கு மேல் டியூப்லைட் ராத்திரி பன்னிரண்டு வரை எரியும், ஏனென்றால் ஒருவன் வேலை முடிந்து வருகிற நேரம் இன்னொருவன் கிளம்புகிற நேரம். பழைய ஆட்கள் எல்லாரும் கீழ்க்கட்டிலைச் சுற்றி ஏதாவது துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள். எனக்குக் கீழ்க்கட்டில் கிடைத்ததும் மன்னார்குடி அண்ணன் ஒருவர், “தம்பி, முதல்ல திரை கட்டு. இங்க தனியா இருக்கறதுக்குன்னு ஒரு இடம் வேணும்னா அது இவ்வளவுதான்” என்றார்.

வேலையிடத்திலிருந்து கட்டுக்கம்பித் துண்டு கொண்டுவந்தேன். நாளெல்லாம் பதினாறு எம்.எம். கம்பியும் பத்து எம்.எம். கம்பியும் குறுக்கிடும் இடங்களில் பின்சரால் முறுக்குகிற அதே கம்பி. மேல்கட்டில் சட்டத்தில் ஒரு முறுக்கு, கால்பக்கம் ஒரு முறுக்கு. புடவை தொங்கியது. உள்ளே போய்ப் படுத்தால் விறகடுப்புப் புகையும் அந்துருண்டையும் சேர்ந்த எங்கள் வீட்டு அலமாரி வாசனை. அந்த வாசனை போய்விடக் கூடாது என்று அதைத் துவைக்காமலே வைத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் அறந்தாங்கிக்காரன், “மாப்ள, துணிய தொவைடா, தூசி அடையுது” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான்.

ஒருநாள் அறையில் மூட்டைப்பூச்சி. முதலில் இடுப்பில் வரிசையாக மூன்று நான்கு தடிப்பு வரும். கொசுக்கடி ஒன்று இங்கே ஒன்று அங்கே இருக்கும், மூட்டைப்பூச்சி கோடு போட்டாற்போல் கடிக்கும். கட்டில் சட்டத்தின் மூலையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே இல்லை. மருந்தடிக்க ஆள் வந்தார்கள். துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசியாக வேண்டும் என்று உத்தரவு. புடவையையும் அலசினேன். காய்ந்து வந்தபோது அதில் வாஷிங் பவுடர் வாசனைதான் இருந்தது. பதினான்கு பேர் துணியும் ஒரே பவுடரில் துவைத்தது. யார் துணி எது என்று மூக்குக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் பேசும்போது இதைச் சொல்லவில்லை. “பொடவ போத்திக்கிறியா?” என்று கேட்டார். “போத்திக்கிறேன்மா” என்றேன்.

போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் மணி நம் ஊருக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஓவர்டைம் முடித்து, லாரி ஏறி, விடுதிக்கு வந்து, குளிக்க வரிசையில் நின்று முடிக்கும்போது இங்கே பத்தரை ஆகிவிடும். ஊரில் எட்டு. அம்மா ஒன்பது மணிக்குமேல் விழித்திருக்க மாட்டார். ஆக, எங்களுக்கு இருந்தது ஒரு மணி நேரம். அதே நேரத்தில் விடுதியின் படிக்கட்டு, மாடி வராண்டா, சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாவற்றிலும் ஆட்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தமிழும் வங்காளியும் கலந்த ஒரு முணுமுணுப்பு.

அந்த ஒரு மணி நேரமும் பல நாள் வாய்க்காது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இருக்காது. வீட்டுப் போனில் சார்ஜ் இருக்காது. “தாங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது” என்று ஒரு பெண்குரல் சொல்லும். எங்கள் விடுதியிலோ நடைபாதை விளக்கு பகலிலும் எரியும். எனக்கு வந்த கோபத்தில் போய் அந்த விளக்கை அணைத்துவிடலாமா என்றிருக்கும், ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கரண்ட் இருக்கிற நாளில் பேசினால், அம்மா பேச்சுக்குப் பின்னால் வருகிற சத்தங்களைத்தான் நான் கூர்ந்து கேட்பேன். கடைசி டவுன் பஸ் திரும்புகிற ஹார்ன். போர் மோட்டார் ஓடுகிற இரைச்சல். மாட்டுக் கழுத்து மணி. பிறகு ஒரு நாளிலிருந்து மணிச் சத்தம் கேட்கவில்லை. “மாடு எங்கம்மா?” என்று கேட்டேன். “கொல்லையில கட்டிருக்குப்பா. நல்லாத்தான் இருக்கு” என்றார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கேட்டரிங் வண்டி விடியற்காலை ஐந்துக்கு முன்னால் வந்துவிடும். ஆளுக்கு இரண்டு பொட்டலம், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்தே. சோறு ஒரு பிளாஸ்டிக் பையில், சாம்பார் ஒரு சின்னப் பையில், பொரியல் இன்னொன்றில். எல்லாவற்றுக்கும் ரப்பர் பேண்ட். ராத்திரி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ சமைத்ததாக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு துவாஸிலிருந்து புங்கோல் வரை லாரியில் போவோம், தீவின் மேற்கு ஓரத்திலிருந்து வடகிழக்கு ஓரத்துக்கு. அங்கேதான் வீவக அடுக்குமாடிகள் அப்போது வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. மதியப் பொட்டலத்தை நிழல் பார்த்து சாரக்கட்டுக் குழாயில் மாட்டிவைப்போம். பன்னிரண்டு மணிக்கு “மக்கான்” என்று குரல் வரும். ரப்பர் பேண்டைக் கழற்றினதும் முதலில் மோந்து பார்ப்பது எல்லாருக்கும் பழக்கம். சாம்பார் நுரைத்திருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். சோற்றை விரலால் எடுத்துப் பார்த்து நூல் விட்டால் அதையும் தொடக் கூடாது. நூல் விடாமல் சும்மா புளித்த வாடை மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிடுவோம், ஏனென்றால் சாயங்காலம் ஏழு வரை குனிந்து கம்பி கட்ட வேண்டும்.

அந்த வெறும் சோற்றுக்கு எனக்குத் துணையாக இருந்தது உப்பு நார்த்தங்காய். வீட்டுக் கொல்லையில் ஒரு நார்த்தை மரம் உண்டு. அம்மா காயை முழுசாக எடுத்து, துண்டாகாமல் சுருள் சுருளாக வெட்டி, இடுக்கெல்லாம் கல்லுப்பைத் திணித்து ஜாடியில் போட்டு மூடிவைப்பார். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பிறகு பகலில் எடுத்து முறத்தில் காயவைப்பதும், பொழுது சாய்ந்ததும் திரும்ப அதே உப்புத் தண்ணீரில் போடுவதுமாக, அந்தத் தண்ணீர் முழுவதையும் காய் குடித்துத் தீரும்வரை செய்ய வேண்டும். கடைசியில் பழுப்பாகி, மேலே உப்புப் பூத்து, கல்போல ஆகிவிடும். வருஷக்கணக்கில் கெடாது. எண்ணெய் இல்லாததால் பெட்டியில் ஒழுகாது. அதனால்தான் மாவடுவும் எலுமிச்சை ஊறுகாயும் வேண்டாம் என்று இதைத் தேர்ந்து கொடுத்தார்.

கெடாது என்பது எங்கள் ஊர்க் காற்றுக்கு. சிங்கப்பூரில் வருஷம் முழுக்க மழையும் புழுக்கமும். கொஞ்ச காலத்தில் டப்பாவுக்குள் நார்த்தங்காய் வியர்த்தது. மேலே பூத்திருந்த உப்பு கரைந்து, அடியில் ஈரம் கட்டியது. இப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று தெரியும். காயவைக்க விடுதியில் வெயில் விழும் இடம் கிடையாது. துணி காயப் போடும் கழிகளும் கூரைக்கு அடியில்தான். ஆனால் வேலையிடத்தில் தளத்துக்கு விரித்த கம்பி மத்தியானத்தில் கையுறை இல்லாமல் தொட முடியாத சூட்டில் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில், கான்கிரீட் போடாத மூலையில், சுத்தமான பிளைவுட் துண்டின்மேல் காகிதம் விரித்து, சுருள்களைப் பரப்பினேன்.

எங்கள் சீன போர்மேன் பார்த்துவிட்டார். வயதானவர். எதற்கெடுத்தாலும் “லெகாஸ், லெகாஸ்” என்று விரட்டுகிறவர். சாமானைத் தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து ஒரு துண்டை எடுத்து மோந்தார். வாயில் போட்டு மென்றார். “அசாம் போய்” என்று தலையாட்டிவிட்டுப் போனார். அது உப்பில் போட்டுக் காயவைத்த பிளம் பழம். அங்கே மளிகைக் கடைகளில் சின்னப் பொட்டலமாக விற்கும். அதற்குப் பிறகு இரண்டொரு தடவை அவரே வந்து, பேசாமல் கையை நீட்டுவார். நானும் பேசாமல் ஒரு துண்டு கொடுப்பேன். எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால் தேக்கா. துவாஸுக்கு அப்போது ரயில் கிடையாது. பூன் லே வரை பஸ், அங்கிருந்து ரயில். சிராங்கூன் ரோட்டில் இறங்கி நடந்தால் முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், வெற்றிலை, எல்லாம் இருக்கும். ஊரில் இல்லாத அளவுக்கு இருக்கும். வீரமாகாளியம்மன் கோயில் மணி கேட்கும். தமிழ் முரசு வாங்கலாம். புதிதாக வருகிறவன் இதைப் பார்த்து, அப்பாடா, நம் ஊர்தானே என்று தெம்பாவான். எனக்கும் முதல் இரண்டு ஞாயிறு அப்படித்தான் இருந்தது. பிறகு, அங்கே போய் வந்த ராத்திரிதான் தூக்கம் குறைவு என்று கவனித்தேன். கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் எடுத்தால் விலையைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் மனசு அதை 43ஆல் பெருக்குகிறது. பெருக்கினால் பர்சில் இருக்கிற ஜெராக்ஸ் தாள் ஞாபகம் வருகிறது. வாங்காமல் வைத்துவிட்டுப் பணம் அனுப்பும் கடை வரிசையில் போய் நிற்பேன். வாசலில் அன்றைய ரேட் எழுதிய பலகை. பத்து காசு ஏறினால் வரிசை முழுக்க ஒரு சிரிப்பு ஓடும். ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாப்பாட்டுப் பொட்டல ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் மன்னார்குடி அண்ணன் ஊருக்குப் போனார். விடுதியில் ஒருவர் ஊருக்குப் போனால் அது அறைக்கே பொதுக் காரியம். போகும்போது ஆளுக்கு ஒரு கிலோ, வரும்போது ஆளுக்கு ஒரு கிலோ என்று எழுதாத சட்டம். அட்டைப்பெட்டியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டி, நைலான் கயிற்றை வலைபோல் பின்னி, நாலு பக்கமும் மார்க்கரில் பேரும் போன் நம்பரும் எழுதி, கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். அரைக் கிலோ கூடினாலும் பெட்டியைப் பிரித்துப் பஞ்சாயத்து நடக்கும்.

என் பங்கு ஒரு கிலோவில் நான் வைத்தது ஒரு சார்ஜ் லைட்டும் கோடாலித் தைலமும். லைட், மின்வெட்டுக்கு. தைலம், வழக்கத்துக்கு. எங்கள் பக்கம் சபுரிலிருந்து வந்தவர் வீடு என்றால் அந்தத் தைல வாசனை அடிக்க வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, வெளிநாடு என்பதே எனக்கு அந்த வாசனைதான். தெருக்கோடியில் ஒரு மாமா வந்து இறங்கினால் ஆளுக்கொரு குட்டி பாட்டில் கிடைக்கும். அம்மா அதைப் பத்திரப்படுத்தித் தலைவலி வந்தால் ஒரு சொட்டு எடுப்பார். இப்போது அதே வாசனை எங்கள் அறையில் இடுப்புவலிக்காரர்கள் மேலெல்லாம் அடித்தது. கம்பி கட்டுகிறவனுக்கு ராத்திரி அதுதான் மருந்து. ஊருக்கு அனுப்பும் பாட்டிலை மட்டும் முகராமல் மூடியே பெட்டியில் வைத்தேன்.

பொங்கல் கழித்து அண்ணன் திரும்பினார். எனக்கு வந்த ஒரு கிலோவில் முறுக்கு நொறுங்கியிருந்தது. புது நார்த்தங்காய் இருந்தது. அதோடு ஒரு நோட்டுத்தாள் நாலாக மடித்து, மஞ்சள் பையில் போட்டு வந்திருந்தது. அப்பாவின் கையெழுத்து. நான் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு. அவர் சங்கத்தில் மாடு வாங்கிய காலத்திலிருந்து வரவு செலவு எழுதாமல் படுக்க மாட்டார். மகன் பணத்துக்கும் அப்படியே எழுதியிருந்தார். வரவு இடதுபக்கம், செலவு வலதுபக்கம். வட்டி 4,400. சங்கத்துக்கு வட்டி கட்டியது. அடுப்படி ஓடு மாற்றியது. அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து. மொய். போன் ரீசார்ஜ். படித்துக்கொண்டே வந்தேன்.

வரவுப் பக்கத்தில் முதல் வரி நான் அனுப்பிய பணம் இல்லை. “பெரிய மாடு விற்ற வகையில் 18,000” என்று இருந்தது. தேதி, நான் போய் இரண்டாவது மாதம்.

எனக்கு முதல் சம்பளம் தாமதமாகத்தான் வந்தது. மெடிக்கல், பாதுகாப்பு வகுப்பு, பெர்மிட் கார்டு என்று முதல் வாரங்கள் வேலையில்லாமல் போயின. வேலை பார்த்த நாட்களின் கூலியும் அடுத்த மாதம்தான் கைக்கு வந்தது. ஊரில் வட்டிக்காரருக்கு அந்தக் கதை எதற்கு? தேதி வந்தால் வட்டி வேண்டும். நான் மாட்டு மணிச் சத்தம் கேட்கவில்லை என்று கேட்ட அந்த நாளில், மாடு போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. அம்மா பொய் சொன்னார். அப்பாவுக்குக் கணக்கில் பொய் எழுத வராது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு புடவைத் திரைக்குள் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த வீடு அப்படியே இருக்கிறது, கடன் தீர்ந்தால் போய் அதற்குள் உட்கார்ந்துகொள்ளலாம் என்ற நினைப்பு இருந்தது. கொல்லையில் மாடு, கழுத்தில் கொடி, மரத்தில் காய். அந்த வீட்டைத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒவ்வொன்றாகக் கழன்று, நான் இங்கே இருப்பதற்கான செலவாக ஆகிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் முடியும்போது கொடியைத் திருப்பினோம். கணக்குத் தெரிந்தவர்கள் ரெண்டு வட்டிக் கடனைத்தான் முதலில் அடைக்கச் சொன்னார்கள். நகைக்கடனுக்கு வட்டி குறைவு, வட்டியை மட்டும் கட்டி இன்னொரு வருஷம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அது சரியான யோசனை. ஆனாலும் அப்பா சங்கத்துக்குத்தான் போனார். அசலும் வட்டியும் கட்டி, கொடியை வாங்கி, அன்றைக்கே அம்மா கழுத்தில் போடச் சொன்னாராம். மஞ்சள் கயிற்றை அம்மா எறியவில்லை, சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். என் பர்சில் இருந்த ஜெராக்ஸை நான் கிழித்துப் போட்டேன். பாக்கி நின்றது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதைத் தீர்க்க அதற்கடுத்த வருஷமும் அதற்குமேலும் ஆனது. மாடு திரும்ப வாங்கவேயில்லை. நார்த்தை மரம் 2018 நவம்பரில் கஜா புயலில் வேரோடு சாய்ந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்த சாய்ச்சலில் ஒரு நார்த்தை மரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போதும் எங்கள் ஊரிலிருந்து பையன்கள் கிளம்புகிறார்கள். போனில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனாலும் முதல் வருஷத்துப் பையனின் முகம் அன்று மாதிரியேதான் இருக்கிறது. காரணம் தூரமில்லை என்பது என் தீர்மானம். நான்கு மணி நேரத் தூரத்தை எட்ட முடியாத தூரமாக ஆக்குவது கடன். கையில் கடன் இல்லாதவன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் டிக்கெட் எடுப்பான். கடன்காரன் நார்த்தங்காயை மோந்து பார்ப்பான்.

அதனால் கிளம்புகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் ஏஜென்ட் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அது இந்த இரண்டுக்கும் வெளியே கேட்பது. விமானம் ஏறுவதற்கு முன்பே ஐ.பி.ஏ. என்கிற முன்னனுமதிக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும், இப்போது அது தமிழிலும் வருகிறது. அதில் அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் எழுதியிருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையும் கடிதத்தில் இருக்கிற தொகையும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அம்மா கழுத்துக் கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள்.